முட்டிக்கு கிரீஸ் போட முடியுமா?

செம்பூரில் எங்கள் கட்டடம் பழையது, லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் இருக்கும் அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் மும்பைக்கு வந்தவர். வயது 63. இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குக் கொடுக்கிறார். ஒரு கார்த்திகையன்று செட்டா நகர் முருகன் கோயிலில் 108 படியையும் ஏறி இறங்கிவிட்டு வந்தார். மறுநாள் வலது முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது.

நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் எக்ஸ்ரே கவரோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, முட்டியில தண்ணி வத்திப்போச்சாம்ல. கிரீஸ் மாதிரி ஒரு ஜெல் இருக்காம், அதப் போட்டா அஞ்சு வருசத்துக்கு ஆபரேசனே வேண்டாமாம். ஸ்டீராய்டு மட்டும் போட்ராதீங்க, எலும்பு உருகிரும்னு பக்கத்து வீட்டு மாமி சொல்லுதா."

இந்த நாலு வரியில் இருக்கும் எல்லாமே பாதி உண்மை. மாட்டுங்காவிலும் தாராவியிலும் இதையேதான் கேட்கிறேன். அதனால் முட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வழுக்கையும் வெண்டைக்காயும்

இளநீரை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, வழவழவென்று வழுக்கை இருக்கும். முட்டியில் தொடை எலும்பின் முனையிலும் கால் எலும்பின் முனையிலும் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு அதுபோன்ற ஒரு பூச்சு உண்டு. அதுதான் குருத்தெலும்பு. எலும்பும் எலும்பும் உரசாமல் வழுக்கிச் செல்வது இதனால்தான். இதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் வராததால் தேய்ந்தது மறுபடி சரியாக வளர்வதில்லை. நரம்பு இல்லாததால் தேய்ந்த இடமே நேரடியாக வலிப்பதும் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூட்டைச் சுற்றி ஒரு உறை. அதன் உள்பக்கம் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சுரப்பதுதான் மூட்டுத் திரவம். நல்ல முட்டியில் இது இரண்டு முதல் நான்கு மில்லிதான் இருக்கும், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. வெண்டைக்காயை நறுக்கினால் கத்தியோடு நூல் நூலாக இழுக்குமே, அந்தக் கொழகொழப்பு இதற்கும் உண்டு. கொழகொழப்பைக் கொடுப்பது ஹையலுரானிக் அமிலம் என்னும் நீளமான சங்கிலி போன்ற பொருள். பெயரில் அமிலம் இருந்தாலும் எரிக்கிற சமாசாரம் இல்லை. ஜெல் ஊசியில் இருப்பதும் இதேதான்.

தேய்மானம் வந்த முட்டியில் குருத்தெலும்பு மெலிகிறது. அதிலிருந்து உதிரும் நுண்ணிய துணுக்குகளும் ரசாயனங்களும் சவ்வை உறுத்துகின்றன. கண்ணில் தூசி விழுந்தால் கண் சிவந்து தண்ணீர் கொட்டுகிறதல்லவா? சவ்வும் அப்படித்தான், சிவந்து தடித்து நீரைக் கொட்டுகிறது. இந்தச் சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் சேர்ந்ததற்கு அழற்சி என்று பெயர்.

ஆகவே அக்காவின் முட்டியில் தண்ணீர் வற்றவில்லை, கூடித்தான் போயிருந்தது. ஆனால் ரசத்தில் தண்ணீரைக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி நீர்த்துப்போன தண்ணீர். ஹையலுரானிக் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து, கொழகொழப்பும் குறைந்திருக்கும். "வத்திப்போச்சு" என்ற ஒரு சொல்லில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. வற்றியது என்றால் ஊற்ற வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

இன்னொன்று. வலி வருவது குருத்தெலும்பிலிருந்து அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து. உறுத்தப்பட்ட சவ்வு, குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு, இழுபடும் உறை, பலம் இழந்த தொடைச் சதை எல்லாம் வலிக்கும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்தவர் சிரித்துக்கொண்டு நடப்பதும், கொஞ்சமே தேய்ந்தவர் படியில் அழுவதும் இதனால்தான்.

இதுவரை: தேய்மானம் ஒரு விஷயம், வலி வேறொரு விஷயம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒன்றல்ல. ஊசிகள் வலியின் பக்கம்தான் வேலை செய்கின்றன. குருத்தெலும்பை எந்த ஊசியும் திரும்ப வளர்ப்பதில்லை.

ஸ்டீராய்டு: கண்ணீரை நிறுத்தும், தூசியை எடுக்காது

ஸ்டீராய்டு என்றதும் ஜிம் பையன்கள் போட்டுக்கொள்வது நினைவுக்கு வரும். அது வேறு குடும்பம். மூட்டில் போடுவது நம் உடலே சுரக்கும் கார்டிசோலின் உறவு. அழற்சியை அடக்குவதுதான் அதன் வேலை. மூட்டுக்குள் இதைப் போடும் வழக்கம் 1951 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது, புது வித்தை ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், முறை புரியும். எலும்பு டாக்டர் அவரைப் படுக்க வைத்து, முட்டிச் சில்லின் மேலே வெளிப்பக்கமாகக் கிருமிநாசினி தடவினார். முதலில் ஊசியால் உள்ளே இருந்த நீரை இழுத்தார். 25 மில்லி வந்தது, வெளிர்மஞ்சளாக, தெளிவாக. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கலங்கலாக, சீழ் மாதிரி இருந்திருந்தால் ஸ்டீராய்டு போட்டிருக்க மாட்டார், நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார். உள்ளே கிருமி இருக்கும்போது அழற்சியை அடக்குவது திருடன் வந்திருக்கும்போது நாயைக் கட்டிப்போடுவது மாதிரி. தெளிவாக இருந்ததால் 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டை மரத்துப்போகும் மருந்தோடு கலந்து போட்டார். எல்லாம் பத்து நிமிஷம். மருந்தின் விலை சில நூறு ரூபாய்க்குள்தான்.

அன்று மாலையே வலி குறைந்தது. அக்கா உற்சாகமாக மாவு டப்பாவைத் தூக்கப் போனார், நான் தடுத்தேன். அந்த முதல் சில மணி நேரத்துச் சுகம் மரத்துப்போகும் மருந்தினால் வந்தது. ஸ்டீராய்டு வேலையைக் காட்ட ஓரிரு நாள் ஆகும். இடையில் முதல் இரவு வலி கொஞ்சம் கூடவும் செய்யலாம். அக்காவுக்கு மூன்றாம் நாளிலிருந்து நல்ல நிம்மதி, ஏழாவது வாரம் வரை நீடித்தது. பொதுவாகவும் இது சில வாரக் கணக்குதான். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் இரண்டிலிருந்து பத்து வாரம் என்று சொல்கிறது. வருஷக்கணக்கில் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீர் கோத்து, தொட்டால் சூடாக இருக்கும் முட்டிக்கு இந்த ஊசி நன்றாகக் கேட்கும் என்பது நடைமுறையில் நாங்கள் பார்ப்பது. ஆய்வுகளில் அது எப்போதும் அவ்வளவு தெளிவாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலும்பு உருகுமா?

மாமி சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. 2017இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முட்டித் தேய்மானமும் சவ்வில் அழற்சியும் உள்ள 140 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன், மற்றதற்கு அதே இடைவெளியில் வெறும் உப்புநீர். இரண்டு வருஷம் கழித்து ஸ்கேனில் குருத்தெலும்பை அளந்தார்கள். ஸ்டீராய்டு பிரிவில் சராசரியாக 0.21 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, உப்புநீர் பிரிவில் 0.10. வலியிலோ இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

எலும்பு உருகவில்லை. ஆனால் வலி இருக்கிறதோ இல்லையோ, மூன்று மாதத்துக்கொரு முறை வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருப்பது வீண், கொஞ்சம் கெடுதலும்கூட. வலி உச்சத்துக்குப் போகும்போது ஒன்று போடுவது வேறு, எல்.ஐ.சி. பிரீமியம் மாதிரி தவணை கட்டுவது வேறு. அப்படிப் போடும்போதும் ஒரே மூட்டில் இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும் என்கிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை மட்டும் படித்தாலும் போதும்

அக்காவுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. ஊசிக்கு முந்தின நாள் வெறும் வயிற்றில் 128. ஊசி போட்ட மறுநாள் மாலை 270. வீட்டில் எல்லாரும் பதறிவிட்டார்கள். மூட்டில் போட்டாலும் மருந்தில் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கும், அது சர்க்கரையை ஏற்றும். சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அக்காவுக்கு ஐந்தாம் நாள் பழைய நிலைக்கு வந்தது. ஊசி போடுபவரிடம் சர்க்கரை இருக்கிறது என்று முன்பே சொல்ல வேண்டும், அந்த ஒரு வாரம் வீட்டு மெஷினில் தினமும் பார்க்க வேண்டும், எவ்வளவுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஊசியைத் தள்ளிப்போடுவதும் உண்டு.

ஸ்டீராய்டு பற்றி இதுவரை: சில வாரம் வலியைக் குறைக்கும், மலிவு, அடிக்கடி கூடாது, சர்க்கரையை ஏற்றும்.

ஜெல்: சேவல் கொண்டையிலிருந்து முட்டிக்கு

ஹையலுரானிக் அமிலத்தை 1934இல் முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணிலிருந்து. பிறகு மருந்துக்காகச் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்றும் சில தயாரிப்புகள் அப்படித்தான் வருகின்றன, வேறு சில பாக்டீரியாவை வளர்த்து எடுக்கப்படுபவை. மாட்டுங்கா மாமி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. சைவத்துக்காக மட்டுமல்ல, கோழி, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் எதிலிருந்து எடுத்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

சில வகைகளை வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து தடவை இரண்டு மில்லி வீதம் போடுவார்கள். தடித்த வகையை ஆறு மில்லியாக ஒரே தடவையில் போடுவார்கள். விலை பல ஆயிரம்.

நீர்த்த ரசத்தில் கெட்டியான பருப்பைச் சேர்ப்பது மாதிரி, கேட்கும்போது யோசனை பிரமாதமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், உள்ளே போன ஜெல் அங்கேயே இருப்பதில்லை. மூட்டுத் திரவம் ஓயாமல் பழையது போய்ப் புதியது வரும் ஓடை. சாதாரண வகை ஜெல் ஓரிரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும், தடித்த வகையும் சில வாரத்தில் போய்விடும். ஆறு மாதம் பலன் என்பவர்கள் இதற்கு, ஜெல் சவ்வைத் தூண்டி நல்ல திரவத்தைச் சுரக்க வைக்கிறது என்று பதில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அப்போது அது கிரீஸ் இல்லை, வேறு ஏதோ ஒரு மருந்து. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்ட கதை அங்கேயே முடிந்துபோகிறது.

பிறகு எப்படிப் பலருக்கு நன்றாகிறது?

"என் மச்சானுக்குப் போட்டு ஓடுறாரே" என்பார்கள். பொய் இல்லை, அவருக்கு நன்றாகத்தான் ஆகியிருக்கும். இங்கேதான் உப்புநீர் உதவுகிறது. ஜெல்லைச் சோதிக்கும் ஆய்வில் பாதிப் பேருக்கு ஜெல், பாதிப் பேருக்கு அதே ஊசியில் உப்புநீர், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு பிரிவிலும் வலி கணிசமாகக் குறைகிறது.

காரணம் இரண்டு. முட்டி வலி அலை மாதிரி ஏறி இறங்கும். அலையின் உச்சியில்தான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம், அடுத்து அது இறங்கத்தான் போகிறது. "ஜலதோஷம் மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்" என்பார்களே, அதேதான். இரண்டாவது, பெரிய ஊசி, பெரிய டாக்டர், பெரிய பில் என்று ஒரு சிகிச்சை நடந்துவிட்டது என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும். இது நடிப்பு இல்லை, மூளை நிஜமாகவே வலியைக் குறைத்து வாங்கிக்கொள்கிறது.

ஆகவே கேள்வி "ஜெல் போட்டால் குறைகிறதா" என்பதல்ல, "உப்புநீரைவிட எவ்வளவு கூடக் குறைகிறது" என்பதுதான். 2022இல் 169 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னபோது உப்புநீருக்கும் ஜெல்லுக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 2 மில்லிமீட்டர். நோயாளி உணரும் அளவுக்கு இருக்க வேண்டுமென்றால் 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் வழிகாட்டுதல், முட்டித் தேய்மானத்துக்கு ஜெல்லைக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியது. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமும் வழக்கமாகப் போட வேண்டாம் என்கிறது. சிலருக்குப் போடலாம் என்று சொல்லும் நிபுணர் குழுவும் ஐரோப்பாவில் உண்டு. எனவே உங்கள் டாக்டர் ஜெல் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: அவ்வளவு பணம் கையில் இருந்தால் முதலில் மாவு தூக்க ஒரு பையனை வையுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்

எந்த ஊசியானாலும் முதல் ஓரிரு நாள் வலியும் வீக்கமும் வரலாம். ஐஸ் ஒத்தடத்தில் அடங்கும், நாளுக்கு நாள் குறையும். தடித்த ஜெல்லில் இது சில சமயம் கடுமையாகவே வரும். ஆனால் வலி நாளுக்கு நாள் ஏறினால், முட்டி கொதித்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். பல ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கும் அபூர்வம்தான், ஆனால் நடந்தால் சில நாளிலேயே மூட்டைத் தின்றுவிடும். மெடிக்கலில் மாத்திரை கேட்டு நிற்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வந்திருப்பது வெறும் எரிச்சலா கிருமியா என்பது நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அந்த மூட்டில் ஊசி எதுவும் போடக் கூடாது. போட்டால் ஆபரேஷனுக்குப் பின் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

அந்த ஏழு வாரம்

வலிக்கும் முட்டியை நாம் மடக்குவதில்லை. மடக்காத காலின் தொடைச் சதை சுருங்குகிறது. சதை சுருங்கினால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்குகிறது, இன்னும் வலிக்கிறது. ஸ்டீராய்டு தரும் சில வாரம் இந்தச் சுற்றை அறுக்கக் கிடைக்கும் இடைவெளி என்று நான் பார்க்கிறேன். 2020இல் வந்த ஒரு ஆய்வு 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசியும் பாதிப் பேருக்குப் பிசியோதெரபியும் கொடுத்தது. ஒரு வருஷம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் பிசியோதெரபி பிரிவுதான் தெளிவாக முன்னால் இருந்தது. என் தொழில் என்பதால் சொல்லவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், சரி.

அக்காவுக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக உட்கார வேண்டும். முதலில் ஐந்து தடவைகூட முடியவில்லை, நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தினோம். நாலாவது வாரம் தலையணை போய்விட்டது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. கூடவே கட்டிலில் படுத்துக் காலை நீட்டித் தூக்குவது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது நின்றது. எடையில் மூன்று கிலோ குறைந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் பாரத்தில் நாலு கிலோ குறைகிறது என்று கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

ஏழாவது வாரத்துக்குப் பிறகு வலி திரும்பியது. ஆனால் பழைய இடத்துக்கு ஏறவில்லை. ஐந்தாவது மாதம் மறுபடி வந்தார். "இன்னொண்ணு போட்ருவோமா தம்பி? அன்னைக்கி நல்லாக் கேட்டுச்சே."

முட்டிச் சில்லின் மேலே அழுத்திப் பார்த்தேன். நீர் இல்லை. புறங்கையை இரண்டு முட்டியிலும் மாறி மாறி வைத்தேன், சூடும் ஒன்றுபோலத்தான். வலி எங்கே என்றேன், உள்பக்கம் எலும்பு ஓரத்தில் விரலை வைத்தார், அதுவும் இறங்கும் படியில் மட்டும். டாக்டரிடம் அனுப்பினேன், அவரும் ஊசியை எடுக்கவில்லை, அக்காவை நிற்க வைத்து எடுக்கும் ஒரு எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கார்த்திகைக்கு அக்கா கோயிலுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து. ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது வலிக்கிற காலும் முதலில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பாதியில் மறந்துவிட்டதாம், பின்னால் வந்த பேத்திதான் ஞாபகப்படுத்தினாளாம்.